கட்டிலிலிருந்து எழுப்புதல்: தொடை எலும்புக் கழுத்து முறிவின் இருநூறு ஆண்டுகள்

"பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது" என்றே தமிழ்க் குடும்பங்கள் சொல்லும். ஆங்கிலமும் இதே முறிவுக்கு இடுப்பின் பெயரையே சூட்டியிருக்கிறது. உண்மையில் முறிவது இடுப்பெலும்பன்று, தொடை எலும்பின் மேல்நுனி. உடலிலேயே நீளமான அந்த எலும்பு மேலே சென்றதும் உட்புறமாக வளைந்து, சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கழுத்தாகக் குறுகி, பந்து போன்ற தலையில் முடிகிறது. அந்தத் தலைதான் இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அமர்ந்து சுழல்கிறது. கழுத்து தொடையின் தண்டோடு சேரும் இடத்தில் தசைகள் பற்றிக்கொள்ளும் இரண்டு பெரிய புடைப்புகள் உள்ளன. முதுமையில் எலும்பு அடர்த்தி குறைந்த நிலையில் நின்ற இடத்திலிருந்து சாதாரணமாக விழுந்தாலே போதும், கழுத்தோ புடைப்புப் பகுதியோ முறிந்துவிடும்.

கழுத்தா, புடைப்பா என்ற இந்த வேறுபாட்டை வெறும் உடற்கூற்று நுட்பம் என்று கடந்துவிட முடியாது. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி கழுத்தைச் சுற்றி ஒரு வலுவான நார்ப்பை போர்த்தியிருக்கிறது. அதை மூட்டுறை என்று சொல்லலாம். எலும்புத் தலைக்கான இரத்தத்தில் பெரும்பகுதி, இந்த உறைக்குள் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி மேலேறும் மெல்லிய குழாய்களின் வழியே போகிறது. முறிவு உறைக்கு உள்ளே நேர்ந்து துண்டுகள் விலகினால் அந்தக் குழாய்களும் அறுபடுகின்றன. தலை இரத்தமின்றித் தனித்துப்போகிறது. முறிவு உறைக்கு வெளியே, புடைப்புப் பகுதியில் நேர்ந்தால், அங்கே எலும்பு பஞ்சு போன்றது, இரத்தம் நிறைந்தது, தானாகவே ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆனால் தசைகள் துண்டுகளை இழுத்துக் காலைக் குட்டையாக்கிக் கோணலாக்கிவிடும். ஒரே வீழ்ச்சி, ஒரே வலி, வெளியே பார்த்தால் ஒரே மாதிரி வெளிப்புறம் திரும்பிய கால். உள்ளே இருப்பவை இரண்டு வேறு நோய்கள்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக வரையறுத்து அதன் விளைவையும் எடுத்துச் சொன்னவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். மூட்டு விலகல்களையும் மூட்டு முறிவுகளையும் பற்றிய அவரது நூல் 1822-இல் வெளிவந்தது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. இறந்தவர்களின் எலும்புகளைப் பிளந்து பார்த்தே அவர் முடிவுக்கு வந்தார். உறைக்கு வெளியே முறிந்தவை எலும்பால் ஒட்டியிருந்தன. உறைக்கு உள்ளே முறிந்தவை பெரும்பாலும் ஒட்டாமலேயே கிடந்தன. தலைக்குச் செல்லும் இரத்தம் போதாமல் போவதை அவர் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். ஹென்றி ஏர்ல் போன்ற சமகால மருத்துவர்கள் இதை மறுத்து, சரியாகப் பொருத்திவைத்தால் அதுவும் ஒட்டும் என்று வாதிட்டனர். அந்தச் சச்சரவு நெடுங்காலம் நீடித்தது.

கூப்பரின் நூலில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தமக்கே இந்த முறிவு நேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார் என்பதை அவர் எழுதியிருக்கிறார். காலின் கீழே ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, முழங்காலுக்கு அடியில் இன்னொன்றைச் சுருட்டி வைத்து, வலியும் வீக்கமும் தணியும்வரை பத்து நாளோ இரண்டு வாரமோ படுத்திருப்பாராம். அதன்பின் அன்றாடம் எழுந்து உயரமான நாற்காலியில் அமர்வார், ஊன்றுகோல்களோடு நடப்பார், காலில் மெல்ல மெல்ல எடை வைப்பார். எலும்பு ஒட்டாது என்று தெரிந்தபின் முதியவரை மாதக்கணக்கில் கட்டிலோடு கட்டிவைப்பது பயனற்றது, ஆபத்தானதும் கூட என்பதே அவர் கருத்து. முறிவைவிடப் படுக்கையே கொல்கிறது என்னும் அறிவு, இந்த முறிவின் அறிவியலோடு சேர்ந்தே பிறந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளின் வரலாற்றை, அந்த அறிவைச் செயலாக்க முடியாமல் தடுத்த தடைகள் ஒவ்வொன்றாக விலகிய கதையாகவே படிக்கலாம்.

படுக்கை எப்படிக் கொல்கிறது என்பதை விளக்குவது கடினமன்று. அசையாமல் மல்லாந்து கிடக்கும் முதியவரின் நுரையீரலின் அடிப்பகுதி முழுமையாக விரிவதில்லை. சளி தேங்கி நிமோனியா வருகிறது. கால் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலுக்குப் பயணிக்கிறது. முதுகின் அடியிலும் குதிகாலிலும் சில நாட்களிலேயே படுக்கைப் புண் தோன்றுகிறது. தசை உருகுகிறது, பசி போகிறது, சிறுநீர் தேங்குகிறது, சித்தம் கலங்குகிறது. அசையும் ஒவ்வொரு முறையும் முறிந்த முனைகள் உரசுவதால், நோயாளி தானே அசைய மறுக்கிறார். வலி அசைவின்மையையும், அசைவின்மை மற்ற எல்லாவற்றையும் உண்டாக்குகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ராயல் விட்மன் ஒரு மாற்று வழியை முன்வைத்தார். மயக்கமருந்து கொடுத்து, காலை அகற்றி, உட்புறமாகத் திருப்பி, முறிவைப் பொருத்தியபின் மார்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டார். முறிந்த முனைகள் விலகாமல் நிற்க அது உதவியது, பல முறிவுகள் ஒட்டவும் செய்தன. ஆனால் வாரக்கணக்கில் மாவுக்கட்டுக்குள் கிடப்பதை முதிய உடல் தாங்குவதில்லை. எலும்பை வெல்ல முயன்ற சிகிச்சை ஆளைத் தோற்றது. புடைப்பு முறிவுகளுக்கோ, காலில் எடை தொங்கவிட்டு இழுத்துவைக்கும் இழுவைச் சிகிச்சை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. எலும்பு ஒட்டும், ஒட்டும்வரை நோயாளி உயிரோடிருப்பாரா என்பதே கேள்வி.

கட்டிலிலிருந்து விடுவிக்கும் முதல் கருவி பாஸ்டனில் உருவானது. நார்வேயில் பிறந்த மரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் 1925-இல் மூன்று இறக்கைகளுடைய எஃகு ஆணி ஒன்றைத் தொடை எலும்பின் வெளிப்புறத்திலிருந்து கழுத்தின் வழியே தலைக்குள் அடித்து இறக்கினார். உருண்டை ஆணியானால் அதன்மேல் தலை சுழன்றுவிடும். மூன்று இறக்கைகள் அந்தச் சுழற்சியைத் தடுத்தன. முடிவுகளை அவர் 1931-இல் வெளியிட்டார். மறு ஆண்டில் ஸ்வீடனின் ஸ்வென் யோஹான்சன் ஆணியின் நடுவே துளையிட்டு, முதலில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி எக்ஸ்-கதிரில் சரிபார்த்து, அந்தக் கம்பியின்மீது ஆணியை இறக்கும் முறையைத் தந்தார். மூட்டைத் திறக்க வேண்டிய தேவை குறைந்தது. மாவுக்கட்டு இல்லாமல் நோயாளியைப் புரட்டலாம், உட்காரவைக்கலாம் என்ற நிலை முதன்முதலாக வந்தது.

ஆயினும் ஆணி எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. சிகாகோவின் கெல்லாக் ஸ்பீட் 1935-இல் எழுதிய கட்டுரைக்குத் 'தீர்க்கப்படாத முறிவு' என்ற பொருள்படும் தலைப்பே இட்டார். கழுத்து முறிவுகளில் ஒரு கணிசமான பங்கு, ஆணி நேராக நின்றும் ஒட்டவில்லை. ஒட்டியவற்றிலும் சில, ஓரிரு ஆண்டுகள் கழித்து நோயாளி மீண்டும் நொண்டத் தொடங்கியபோது, எக்ஸ்-கதிரில் தலை நொறுங்கித் தட்டையாகியிருப்பதைக் காட்டின. பொருத்துதலில் பிழையா, ஆணியில் பிழையா என்று தேடியவர்களுக்கான விடை இரத்தக் குழாய்களில் இருந்தது. 1953-இல் ஆக்ஸ்ஃபோர்டில், ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்திருந்த கத்தலோனிய மருத்துவர் யோசப் துருவேட்டாவும் ஹாரிசனும் தொடை எலும்புத் தலையின் குழாய்களை விரிவாகப் படம்பிடித்துக் காட்டினர். கூப்பர் ஊகித்தது கண்ணுக்குத் தெரிந்தது.

இதன் நடைமுறைப் பயனை 1961-இல் இங்கிலாந்தின் ராபர்ட் கார்டன் எளிய நான்கு படிகளாக வகுத்தார். முதல் இரண்டு படிகளில் முறிவு விலகவில்லை, அல்லது ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிறது. குழாய்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். மூன்றாம் நான்காம் படிகளில் துண்டுகள் விலகிவிட்டன. குழாய்கள் அறுபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. பின்னாளில் மருத்துவர்கள் இந்த நான்கையும் 'விலகாதது, விலகியது' என இரண்டாகச் சுருக்கிக்கொண்டனர். ஒரே படத்தைப் பார்க்கும் இருவர் நான்கு படிகளில் அடிக்கடி மாறுபட்டனர், இரண்டில் பெரும்பாலும் உடன்பட்டனர் என்பதே காரணம்.

விலகாத முறிவுக்கு இரண்டோ மூன்றோ திருகாணிகள், அல்லது ஒரு பெரிய சறுக்குத் திருகாணி. தலை உயிரோடிருக்கும் என்ற நம்பிக்கையில் அதைக் காப்பாற்றுவதே நோக்கம். விலகிய முறிவில், குறிப்பாக முதியவர்களுக்கு, அந்த நம்பிக்கையின்மீது பந்தயம் கட்டுவதில்லை. தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்துகிறார்கள். இதற்கு வழிகாட்டியது 1940-இல் அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூரும் ஹெரால்ட் போல்மனும் எலும்புக் கட்டி ஒன்றுக்காகச் செய்த உலோக மூட்டு. 1950-களில் மூரின் பெயராலும் தாம்சனின் பெயராலும் வந்த தண்டுத் தலைகள் உலகெங்கும் பரவின. தண்டைத் தொடை எலும்பின் குழலுக்குள் இறக்கினால் போதும், எலும்பு ஒட்டுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளி மறுநாளே அந்தக் காலில் முழு எடையையும் வைக்கலாம். கூப்பர் கேட்ட எழுச்சிக்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டையே மாற்றுவது இதினும் மேலானதன்றோ என்ற கேள்வி இயல்பானது. 2019-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஐம்பது வயதைக் கடந்த, விலகிய கழுத்து முறிவுடைய சுமார் 1,500 பேர் சீட்டுக் குலுக்கல் முறையில் பாதி மூட்டு மாற்றுக்கும் முழு மூட்டு மாற்றுக்கும் பிரிக்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்ட விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ எட்டு விழுக்காடே. முழு மாற்றினால் கிடைத்த நடைத்திறன் நன்மை சிறிது. ஆகவே முறிவுக்கு முன்பு தடையின்றி வெளியே நடமாடிய, நினைவு தெளிந்த, உடல் ஓரளவு உறுதியான முதியவருக்கு மட்டும் முழு மாற்று பரிந்துரைக்கப்படுகிறது.

உறைக்கு வெளியே முறிந்தவர்களின் கதை வேறு பாதையில் சென்றது. அங்கே தலைக்கு ஆபத்தில்லை, ஆகவே அதை எடுக்க வேண்டியதில்லை. இயந்திரவியலே சிக்கல். தொடக்க கால ஆணிகள் பக்கத்தட்டோடு ஒரே துண்டாக, மாறாக் கோணத்தில் இருந்தன. முறிவு ஒட்டும்போது எலும்பு தன்மேல் தானே அமர்ந்து சற்றுக் குறுகுவது இயற்கை. நகர முடியாத ஆணி அப்போது தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் நீட்டியது. 1950-களிலும் 60-களிலும் உருவான சறுக்குத் திருகாணி அந்தக் குறுகலைத் தடுப்பதை விட்டுவிட்டு அதற்கு வழிவிட்டது. திருகாணி ஒரு குழாய்க்குள் வழுக்கிப் பின்வாங்க, முறிந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்தி உறுதிப்படுகின்றன. நோயாளி நிற்கும் எடையே ஒட்டுதலுக்கு உதவுகிறது.

இந்தக் கருவி தோற்கும் விதமும் நன்கு அறியப்பட்டதே. திருகாணியின் நுனி தலையின் நடுவில், உச்சிக்கு அருகில் நிற்க வேண்டும். 1995-இல் மைக்கேல் பவும்கார்ட்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் எளிய ஓர் அளவைக் கொடுத்தனர். முன்பக்கப் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் திருகாணி நுனிக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து, உருப்பெருக்கத்துக்குத் திருத்திக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த எந்தத் திருகாணியும் அவர்களின் தொடரில் தலையைக் கிழித்துக்கொண்டு வெளிவரவில்லை. வெளிவந்தவற்றின் சராசரி 38 மில்லிமீட்டர். அறுவை மேசையிலேயே, காயத்தைத் தைப்பதற்கு முன்பே, வரப்போகும் தோல்வியை அளந்து தவிர்க்க முடியும் என்பது இதன் மதிப்பு.

புடைப்புப் பகுதியின் எல்லா முறிவுக்கும் சறுக்குத் திருகாணி பொருந்தாது. முறிவுக் கோடு வழக்கத்துக்கு மாறாக உட்புறத்தின் மேலிருந்து வெளிப்புறத்தின் கீழ்நோக்கிச் சரிந்தாலோ, புடைப்புகளுக்குக் கீழே தண்டிலேயே இறங்கினாலோ, சறுக்கும் திசையே பகையாகிவிடுகிறது. தண்டு உட்புறமாக வழுக்கி எல்லாம் சரிகிறது. அப்போது தொடை எலும்பின் குழலுக்குள்ளேயே செல்லும் நீண்ட ஆணியைப் பயன்படுத்த வேண்டும். குழலுக்குள் நிற்பதால் அது சுமைக்கு அருகில் இருந்து தாங்குகிறது. ஆகவே 'எந்தக் கருவி நல்லது?' என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. கோடு எங்கே, எந்தச் சாய்வில், துண்டுகள் விலகினவா என்ற மூன்று வினாக்களின் விடையே கருவியைத் தேர்கிறது. எல்லாத் தேர்வுக்கும் இறுதிச் சோதனை ஒன்றுதான்: மறுநாள் காலையில் நோயாளி அந்தக் காலில் முழு எடை வைத்து நிற்கலாமா? 'எடை வைக்காதீர்கள்' என்று எழுதும் ஒவ்வோர் அறுவையும், எண்பது வயதானவருக்கு நடைமுறையில் 'எழாதீர்கள்' என்றே ஆகிவிடுகிறது. கைகளால் உடலைத் தூக்கி ஒற்றைக் காலில் தத்தி நடக்க அவரால் முடியாது.

கருவிகள் தேறியபின் மிஞ்சியது காலம். நோயாளியின் உடல்நிலை 'தேறட்டும்' என்று காத்திருப்பது நெடுநாள் வழக்கம். அந்தக் காத்திருப்பிலேயே அவர் தேய்வதைக் கவனித்தவர்கள் பலர். இதை எண்களால் நிறுவுவது எளிதன்று. நோய் மிகுந்தவர்களே தாமதமாக அறுவைக்குச் செல்கிறார்கள். எனவே தாமதமானவர்கள் அதிகம் இறந்தால், தாமதம் காரணமா, நோய் காரணமா என்று பிரிக்க முடியாது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 42,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வு, இயன்றவரை ஒத்த நோயாளிகளை இணைசேர்த்துப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஆபத்து ஏறுவது தெரிந்தது. முப்பது நாளில் இறந்தோர் முன்னதில் 5.8 விழுக்காடு, பின்னதில் 6.5 விழுக்காடு.

சீட்டுக் குலுக்கல் முறையில் இதைச் சோதித்தது 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு. இந்தியா உட்பட 17 நாடுகளின் 69 மருத்துவமனைகளில் 2,970 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு முறிவு உறுதியானதிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அறுவை, மறு பிரிவினருக்கு வழக்கம்போல ஏறத்தாழ 24 மணி நேரத்தில். தொண்ணூறு நாளில் இறப்பு முறையே 9 விழுக்காடும் 10 விழுக்காடும். அந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. பெருஞ்சிக்கல்கள் இரண்டிலும் 22 விழுக்காடு. ஆனால் விரைவுப் பிரிவில் சித்தக் குழப்பம் குறைந்தது, எழுந்து நின்றது முன்னதாக நடந்தது, வீடு திரும்பியதும் விரைந்தது. இந்த ஆய்வைத் தவறாகப் படிப்பது எளிது. அது ஒப்பிட்டது ஆறு மணியையும் ஒரு நாளையும். ஒரு நாளையும் ஐந்து நாட்களையும் அது ஒப்பிடவில்லை. 'அவசரம் தேவையில்லை' என்று அதிலிருந்து முடிவு கட்டுபவர்கள், அதன் மெதுவான பிரிவே பல மருத்துவமனைகள் எட்டாத வேகம் என்பதைக் கவனிப்பதில்லை.

நல்ல கருவியும் நல்ல வேகமும் இருந்தும் முதியவர் ஏன் எழுவதில்லை என்ற கேள்வியை வேறொரு வரிசை மருத்துவர்கள் கேட்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஆர்செட் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் லயனல் கோசின், 'இனிப் படுக்கைதான்' என்று முடிவுகட்டப்பட்ட முதியோர் வார்டுகளின் பொறுப்பை ஏற்றார். அவர்களில் பலரை எழுப்பி நடக்கவைக்க முடியும் என்று காட்டினார். அதன்பின் ஹேஸ்டிங்ஸ் நகரத்தில் எலும்பு அறுவை மருத்துவர் மைக்கேல் டேவாஸும் முதியோர் மருத்துவர் ராபர்ட் இர்வினும் ஒரே வார்டைப் பங்கிட்டுக்கொண்டனர். எலும்பை ஒருவர் பார்க்க, இதயத்தையும் சிறுநீரையும் மருந்துப் பட்டியலையும் வீட்டுப் படிக்கட்டையும் மற்றவர் பார்த்தார். 'முதியோர் எலும்பியல்' என்னும் சொற்சேர்க்கையை 1970-களில் டேவாஸ் தம் கட்டுரைக்கும் நூலுக்கும் தலைப்பாக்கினார்.

இது அன்பின் அடையாளம் மட்டும்தானா, விளைவும் உண்டா என்பதை நார்வேயின் த்ரொன்ஹெய்ம் நகரத்து ஆய்வு 2015-இல் சோதித்தது. எழுபது வயதைக் கடந்த, அதுவரை வீட்டில் வாழ்ந்துவந்த 397 பேரில் பாதிப் பேர் முதியோர் மருத்துவ வார்டிலும் பாதிப் பேர் வழக்கமான எலும்பு அறுவை வார்டிலும் வைக்கப்பட்டனர். அறுவையில் வேறுபாடு இல்லை. நான்கு மாதம் கழித்து முன்னவர்களின் நடைத்திறன் கூடுதலாக இருந்தது.

இங்கிலாந்து இதை நாடு முழுவதற்குமான ஏற்பாடாக்கியது. 2007-இல் தேசியப் பதிவேடு தொடங்கியது. ஒவ்வொரு நோயாளியின் வருகை நேரம், அறுவை நேரம், முதியோர் மருத்துவர் பார்த்த நேரம், விளைவு எல்லாம் மருத்துவமனை வாரியாகப் பதிவாகி, அனைவரும் காணும்படி வெளியிடப்பட்டன. 2010-இல் பணமும் சேர்ந்தது. 36 மணி நேரத்துக்குள் அறுவை, எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் கூட்டாகப் பொறுப்பேற்றல், மறு வீழ்ச்சியைத் தடுக்கும் மதிப்பீடு, எலும்புத் தேய்வுக்கான மதிப்பீடு முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை கிடைத்தது. பங்கேற்ற மருத்துவமனைகளில் 2007-க்கும் 2011-க்கும் இடையே, விரைவு அறுவை பெற்றோர் 54.5 விழுக்காட்டிலிருந்து 71.3 விழுக்காடாக உயர்ந்தனர். முப்பது நாள் இறப்பு 10.9 விழுக்காட்டிலிருந்து 8.5-க்கு இறங்கியது. எந்த அங்கம் எவ்வளவு பங்காற்றியது என்று பிரிக்க முடியாத கூட்டுப் பலன் இது.

இந்த மூன்று இழைகளும் ஒரே நோயாளியிடம் எப்படிச் சேர்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 82 வயதான பெண்மணி ஒருவர் மாலையில் சமையலறையில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலது கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருக்கிறது. மருத்துவமனைக்கு வந்ததும் முதல் வேலை வலியைக் குறைப்பது. இடுப்பின் முன்பக்கத்தில் நரம்புக்கு அருகில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், மார்ஃபின் போன்ற மருந்துகளின் தேவை குறைகிறது. அந்த மருந்துகள் கூடினால் மலச்சிக்கலும் மயக்கமும் சித்தக் குழப்பமும் கூடும். எக்ஸ்-கதிரில் உறைக்குள் விலகிய கழுத்து முறிவு தெரிகிறது. படத்தில் ஒன்றும் தெரியாமல், ஆனால் காலை ஊன்ற முடியாமல் வலி தொடர்ந்திருந்தால், எம்ஆர்ஐ எடுத்திருக்க வேண்டும். மறைந்த முறிவைச் சுளுக்கு என்று அனுப்பிவிட்டால், விலகாதது வீட்டில் விலகியதாகிவிடும்.

இரத்தப் பரிசோதனையில் சோடியம் சற்றுக் குறைவு. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி. வார்டு இங்கேதான் வழிதவறும். 'சோடியம் இயல்புக்கு வரட்டும், எக்கோ பரிசோதனை முடியட்டும்' என்று மூன்று நாள் கடந்துவிடும். முதியோர் மருத்துவரும் மயக்கமருந்து மருத்துவரும் இரவிலேயே உடனிருந்தால் கேட்கும் கேள்வி வேறு. இவற்றில் எது இன்றிரவே சரிசெய்யத்தக்கது? எது அறுவையின் முறையை மாற்றும்? எது வெறும் தாமதம்? உடல் வறட்சியைத் திரவத்தால் சரிசெய்யலாம். வேகமாகத் துடிக்கும் இதயத்தைக் கட்டுப்படுத்தலாம். வார்ஃபரின் உட்கொள்பவராயின் வைட்டமின் கே கொடுத்து அதன் விளைவைத் திருப்பலாம். எக்கோ உடனே கிடைத்தால் நல்லது, அதற்காக அறுவையைத் தள்ளக்கூடாது. வால்வு சுருங்கியிருக்கலாம் என்று கருதியே கவனத்தோடு மயக்கமருந்து கொடுக்கலாம். கடும் இதயச் செயலிழப்போ புதிய மாரடைப்போ இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மறுநாள் காலை தலையை அகற்றி, தண்டைச் சிமென்ட்டால் பதித்துப் பாதி மூட்டு மாற்றுகிறார்கள். சிமென்ட் இல்லாத தண்டைவிட அதில் பின்னாளில் தண்டைச் சுற்றி எலும்பு விரியும் ஆபத்து குறைவு. ஆனால் சிமென்ட் அழுத்தப்படும் நொடிகளில் இரத்த அழுத்தம் சரியலாம் என்பதால், அறுவை மருத்துவர் அந்தக் கணத்தை முன்கூட்டியே மயக்கமருந்து மருத்துவரிடம் அறிவிப்பது முறை. இதே பெண்மணிக்கு முறிவு புடைப்புப் பகுதியில் நேர்ந்திருந்தால் சறுக்குத் திருகாணி, தண்டில் இறங்கியிருந்தால் நீண்ட ஆணி.

அறுவைக்கு மறுநாள் இயன்முறை மருத்துவர் அவரை நிற்கவைக்கிறார். அன்றிரவு அவர் வார்டில் இல்லாத பேரனைக் கூப்பிட்டுக் கட்டிலிலிருந்து இறங்க முயல்கிறார். 'வயதானால் இப்படித்தான்' என்று தூக்கமருந்து கொடுப்பது எளிது. அது குழப்பத்தை நீட்டும். சித்தக் குழப்பத்துக்குக் காரணம் தேட வேண்டும். அடங்காத வலியா, தேங்கிய சிறுநீரா, மலச்சிக்கலா, தொற்றா, ஆக்சிஜன் குறைவா, புதிதாகச் சேர்த்த மருந்தா? காதுக்கருவியும் கண்ணாடியும் வீட்டிலேயே விடப்பட்டிருந்தால் அவற்றைக் கொண்டுவரச் சொல்வதும் மருந்துக்கு நிகர். இந்தப் பட்டியலைத் தினமும் சரிபார்க்க ஒருவர் வார்டில் இருப்பதே கூட்டுப் பராமரிப்பு. நோயாளி மோசமானபின் அனுப்பப்படும் 'மருத்துவர் கருத்துக் கேட்பு'ச் சீட்டு அதற்கு ஈடாகாது.

வீடு திரும்புமுன் இன்னொன்று மிஞ்சுகிறது. நின்ற இடத்திலிருந்து விழுந்து முறிந்ததே எலும்புத் தேய்வின் அறிவிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை நரம்பின்வழி செலுத்தப்படும் சோலெட்ரோனிக் அமிலத்தை, இந்த முறிவின் அறுவைக்குப் பின் தொண்ணூறு நாட்களுக்குள் தொடங்கிச் சோதித்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. எலும்பு மருத்துவர் தம் வேலை முடிந்ததென்றும், பொது மருத்துவர் அது எலும்பு மருத்துவரின் வேலையென்றும் கருதுவதால், இந்த ஊசி பெரும்பாலும் எவராலும் எழுதப்படுவதில்லை.

இந்தியாவில் கடிகாரம் மருத்துவமனை வாசலுக்கு வெகுமுன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. விழுந்த முதியவரைத் தைலம் தடவி இரண்டு நாள் பார்ப்பது, கட்டு வைத்தியரிடம் கொண்டுபோவது, மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பது, பணம் புரட்டுவது, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படுவது என்று நாட்கள் கழிகின்றன. இங்கிலாந்தின் 36 மணி நேரம் மருத்துவமனைக்குள் நுழைந்த கணத்திலிருந்து எண்ணப்படுவது. அதே அளவுகோலை இங்கே வைத்தால், விழுந்த ஐந்தாம் நாள் வந்து ஆறாம் நாள் அறுவை பெற்றவரும் 'உரிய நேரத்தில்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார். எனவே இங்கே முதலில் எழுதப்பட வேண்டிய நேரம் வீழ்ச்சியின் நேரம். இன்னொரு குறையும் உண்டு. 'இந்த வயதில் அறுவை எதற்கு?' என்று கேட்டு வீட்டிலேயே படுக்கவைப்பதை இரக்கம் என்று குடும்பங்கள் எண்ணுகின்றன. வெகுநாளாக நடமாட்டமின்றி இறுதி நாட்களில் இருப்பவருக்கே அந்த முடிவு பொருந்தலாம். அவரிடத்தும் அறுவை வலியைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று என்பதை எடைபோட்ட பின்பே. முந்தின நாள்வரை நடந்துகொண்டிருந்தவருக்கு, படுக்கை எந்த அறுவையினும் கொடிது.

நல்ல சிகிச்சை கிடைத்தும் இந்த முறிவுற்ற முதியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடையை முழுதும் மீட்பதில்லை. விழுமுன்பே உடலில் இருந்த தளர்ச்சியை எந்த உலோகமும் மாற்றாது. கூப்பருக்குக் கிடைத்தவை தலையணையும் உயர்ந்த நாற்காலியும் ஊன்றுகோலும் மட்டுமே. இன்று திருகாணியும் உலோகத் தலையும் பதிவேடும் வந்துவிட்டன. வார்டில் ஒரு முதியவர் உரிய முறையில் பராமரிக்கப்படுகிறாரா என்பதை அறிய விரும்பும் உறவினர் இப்போதும் மூன்று கேள்விகளே கேட்க வேண்டியிருக்கும்: அறுவை இன்றா, நாளையா? மறுநாள் முழு எடை வைத்து நிற்கலாமா? எலும்பைத் தவிர மற்றவற்றைத் தினமும் பார்ப்பவர் யார்?